4ஜி வழியே ஓடும் ரோபோ: இணைப்பு அறுந்தால் பிரேக் போடுவது யார்?

ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினால் ரோபோ நகர வேண்டும், கையை எடுத்தால் நிற்க வேண்டும். கண்ணெதிரே ஓடும் ரிமோட் காருக்கு இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. அதே ரோபோ வேறு ஊரில் இருந்து, நடுவில் ஒரு சிம் கார்டும் இரண்டு மூன்று டவர்களும் வந்துவிட்டால் ஒரு சிக்கல் முளைக்கிறது. ‘நில்’ என்ற கட்டளையும் அதே இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும். இணைப்பு அறுந்த நேரத்தில்தான் அந்தக் கட்டளை மிகவும் தேவைப்படும், அப்போது அது போய்ச் சேராது.

அதனால் தொலைவிலிருந்து ஓட்டும் ரோபோவில் கட்டளையின் பொருளையே மாற்றிவிட வேண்டும். ‘1 மீட்டர் வேகத்தில் போ’ என்று சொல்லிவிட்டு, பிறகு ‘நில்’ என்று சொல்லக் காத்திருக்கக் கூடாது. ‘அடுத்த 300 மில்லிவிநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகலாம்’ என்று காலாவதியோடு அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி புதுப்பிக்கப்படும் வரை ஓட்டம், புதுப்பிக்கப்படாவிட்டால் நிற்றல். நிறுத்தும் முடிவு இப்படி ரோபோவின் கைக்குப் போய்விடுகிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு ஏற்பாட்டை ஓட்டையில்லாமல் செய்வது பற்றித்தான்.

பேச்சு வெறும் தத்துவமாக இல்லாமலிருக்க ஒரு ரோபோவை எடுத்துக்கொள்வோம். எடை 25 கிலோ, நான்கு சக்கரம், ஒரு கிடங்கின் சுற்றுச்சுவரை ஒட்டி ரோந்து போகிறது, அதிகபட்ச வேகம் விநாடிக்கு 1 மீட்டர். உள்ளே 24 வோல்ட் பேட்டரி, கியர் மோட்டார்கள், மோட்டார் டிரைவர், அதை இயக்க ஒரு ஆர்டுயினோ நானோ. கேமராவையும் இணையத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு ராஸ்பெரி பை, அதில் யுஎஸ்பி வழியாக ஒரு 4ஜி மோடம். ஓட்டுபவர் வேறு ஊரில் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்.

இணைப்புக்கு ஒரு பாதை

முதல் தடை இங்கேயே வரும். மொபைல் சிம்முக்குப் பொதுவாக வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை. நிறுவனத்தின் நாட் அமைப்புக்குப் பின்னால், பல சந்தாதாரர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். மோடத்தில் `10.` என்றோ `100.64.` என்றோ தொடங்கும் முகவரி தெரிந்தால் இதுதான் நிலை. வெளியிலிருந்து ரோபோவைக் கூப்பிட முடியாது, ரோபோதான் வெளியே கூப்பிட வேண்டும்.

எளிய வழி: பொது முகவரி உள்ள ஒரு சிறு வாடகை சர்வரில் வயர்கார்ட் விபிஎன் நிறுவி, ரோபோவும் ஓட்டுபவரின் கணினியும் அதோடு இணைவது. ரோபோ பக்க அமைப்பில் `PersistentKeepalive = 25` என்ற வரி அவசியம். இது இல்லாவிட்டால் சிறிது நேரம் சும்மா இருந்ததும் நாட் அமைப்பு அந்தப் பாதையை மறந்துவிடும், ரோபோவை எட்டவே முடியாது. டவர் மாறி முகவரி மாறினாலும் வயர்கார்ட் தானாகத் தொடரும், மறையாக்கமும் கிடைக்கும், ரோபோவில் எந்தப் போர்ட்டையும் உலகுக்குத் திறந்துவைக்க வேண்டியதில்லை. சர்வர் எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரோபோவும் ஓட்டுபவரும் தமிழ்நாட்டில் இருந்தால் சென்னை, பெங்களூரு, மும்பை என்று பக்கத்தில் எடுங்கள். விலை மலிவு என்று ஐரோப்பாவில் எடுத்தால், படம் போய்க் கட்டளை திரும்புவதற்குள் 100 மில்லிவிநாடிக்கு மேல் வீணாகக் கூடிவிடும்.

கட்டளைகளை டிசிபியில் அனுப்பாதீர்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதை மீண்டும் அனுப்பி வரவழைக்கும் வரை பின்னால் வந்தவற்றை எல்லாம் வாசலிலேயே நிறுத்திவைக்கும். ஒரு விநாடி அறுபட்டு இணைப்பு திரும்பியதும், அந்த ஒரு விநாடியின் கட்டளைகள் அத்தனையும் வரிசையாக வந்து விழும். ஒரு விநாடிக்கு முந்தைய ‘முன்னே போ’ இப்போது யாருக்கும் தேவையில்லை, அதனால் ஆபத்துதான் உண்டு. யுடிபியில் தொலைந்தது தொலைந்ததுதான். 50 மில்லிவிநாடியில் அடுத்த கட்டளை வந்துவிடும். வலைப்பக்கத்தின் வெப்சாக்கெட்டும் டிசிபி மேல்தான் ஓடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தாமதம் எவ்வளவு என்று யார் சொல்வது

நல்ல சிக்னலில் 4ஜி வழியே ஒரு பாக்கெட் போய்த் திரும்ப 40 முதல் 80 மில்லிவிநாடி ஆகலாம். பிங் போட்டு இந்த எண்ணைப் பார்த்ததும் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். ஆனால் ஓட்டுபவருக்குப் பிங் எண்ணால் பயனில்லை. கேமரா முன் ஒரு பொருள் அசைந்து, அது திரையில் தெரிந்து, அதைப் பார்த்துக் கொடுத்த கட்டளை ரோபோவுக்கு வந்து சேரும் வரையிலான முழுச் சுற்றுதான் கணக்கு. நம் ரோபோவில் படம் எடுத்துச் சுருக்க 40, மேலே போக 60, திரையில் காட்ட 20, விநாடிக்கு 10 படம் என்பதால் அடுத்த படம் வரும் வரை பழைய படம் திரையில் நிற்பது அதிகபட்சம் 100, அடுத்த கட்டளை புறப்படக் காத்திருப்பது அதிகபட்சம் 50, கீழே வர 40. ஆக மோசமான தருணத்தில் 310 மில்லிவிநாடி. இதில் மனிதர் யோசித்துக் கையை அசைக்கும் நேரம் சேரவில்லை.

இதை ரோபோ ஓடும்போதே அளந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு கணினிகளின் கடிகாரங்களை ஒத்திசைத்து, கட்டளையில் அனுப்பிய நேரத்தைப் பதிந்தால் போதும் என்று தோன்றலாம். செய்யாதீர்கள். கடிகாரம் அரை விநாடி நகர்ந்துவிட்டால் பழைய கட்டளை புதிதாகத் தெரியும், அல்லது எல்லாக் கட்டளையும் பழையதாகத் தெரிந்து ரோபோ அசையவே அசையாது.

இதைவிட எளிய, உறுதியான வழி உண்டு. ரோபோ ஒவ்வொரு படத்தோடும் தன் சொந்தக் கடிகார எண்ணை மில்லிவிநாடியில் ஒட்டி அனுப்புகிறது. ஓட்டுபவரின் மென்பொருள், அந்த நேரத்தில் திரையில் இருக்கும் படத்தின் எண்ணை அப்படியே கட்டளையில் வைத்துத் திருப்பி அனுப்புகிறது. ரோபோ தன் இப்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்தால், ‘இந்தக் கட்டளையைக் கொடுத்தவர் எவ்வளவு பழைய உலகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார்’ என்பது நேராகக் கிடைக்கும். ஒரே கடிகாரம், அதுவும் ரோபோவினுடையது. இதைக் கட்டளையின் வயது என்று அழைப்போம்.

திருப்பி அனுப்பும் எண் படத்தோடு வந்த எண்ணாகவே இருக்க வேண்டும், பேட்டரி அளவு போன்ற தகவல்களோடு வந்த எண்ணாக இருக்கக் கூடாது. வீடியோ மட்டும் உறைந்து மற்றவை ஓடிக்கொண்டிருக்கும் நிலை அடிக்கடி வரும். உறைந்த படம் பார்ப்பதற்கு ‘ரோபோ வெறிச்சோடிய பாதையில் நிற்கிறது’ என்பது போலவே இருக்கும். ஓட்டுபவர் இன்னும் நகரவில்லையே என்று ஜாய்ஸ்டிக்கை மேலும் தள்ளுவார். படத்தின் எண்ணையே கட்டியிருந்தால், படம் உறைந்த கணத்திலிருந்து கட்டளையின் வயது ஏறத் தொடங்கி, தானே செல்லாததாகிவிடும். திரையிலும் படம் அரை விநாடிக்கு மேல் பழையதானால் அதை மங்கலாக்கி, மேலே சிவப்புப் பட்டை போடுங்கள்.

தொடக்கநிலையில் ஜேபெக் படங்களாக அனுப்புவது இதற்கு வசதி. 320×240 அளவில் ஒரு படம் சுமார் 10 கிலோபைட், விநாடிக்கு 10 என்றால் 800 கிலோபிட். ஒவ்வொன்றையும் 1,200 பைட் துண்டுகளாக்கி யுடிபியில் அனுப்பலாம். ஒரு துண்டு தொலைந்தால் அந்தப் படத்தையே விட்டுவிடுங்கள், அடுத்தது வந்துகொண்டிருக்கும். எச்.264 குறைந்த டேட்டாவில் அழகான படம் தரும், ஆனால் எந்தப் படம் எந்த நேரத்தில் எடுத்தது என்பதைக் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதில் கூடுதல் வேலை.

கட்டளைப் பாக்கெட் 15 பைட்தான்: அமர்வு எண், வரிசை எண், படத்திலிருந்து திருப்பிய நேரம், வேகம், திருப்பம், கொடிகள். விநாடிக்கு 20 முறை அனுப்பினாலும் விபிஎன் சுமையையும் சேர்த்து 20 கிலோபிட்டுக்குள் அடங்கும். ரோபோ பக்கத்தில் அதை ஏற்கும் பகுதி:

```python
def on_packet(pkt, now):
    global last_seq, last_ok
    sess, seq, echo, v, w, flags = struct.unpack('<HIIhhB', pkt)
    if sess != session:
        return
    if flags & STOP:
        latch_stop()
        return
    age = now - echo
    if seq <= last_seq or not 0 <= age <= 700:
        return
    last_seq, last_ok = seq, now
    if not flags & HOLD:
        v = w = 0
    elif age > 400:
        v, w = int(v / 2), int(w / 2)
    set_target(v, w)
```

`now` என்பது `time.monotonic_ns() // 1_000_000`. சாதாரண `time.time()` கூடாது. மோடம் இணைந்ததும் பை தன் கடிகாரத்தைச் சரிசெய்யும்போது அது திடீரென்று தாவும்.

இந்த வரிகளின் வரிசை தற்செயலானது அல்ல. ‘நில்’ கொடி, வயதையும் வரிசை எண்ணையும் பார்ப்பதற்கு முன்பே ஏற்கப்படுகிறது. போகச் சொல்லும் கட்டளை தாமதமாக வந்தால் குப்பை, நிற்கச் சொல்லும் கட்டளை எவ்வளவு தாமதமாக வந்தாலும் செல்லும். வயது 400-ஐத் தாண்டினால் ரோபோ தானே வேகத்தைப் பாதியாக்குகிறது. 700-ஐத் தாண்டினால் அது கட்டளையே அல்ல. `HOLD` என்பது ஓட்டுபவர் விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டிய பொத்தான். விரல் எடுபட்டால் வேகம் சுழி.

400, 700 என்ற எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ரோபோவை அதே பாதையில், அதே நேரங்களில் ஒரு மணி நேரம் ஆள் கூடவே நடந்து ஓட்டி, ஒவ்வொரு கட்டளையின் வயதையும் கோப்பில் பதியுங்கள். சாதாரண நிலையின் உச்சத்துக்குச் சற்று மேலே முதல் எல்லை. இரண்டாவது எல்லையைப் பதிவு சொல்லாது, ரோபோவின் முன் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்பதுதான் சொல்லும். அந்தக் கணக்குக்கு வருவோம்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்

வேகம் 1 மீட்டர். பிரேக் விநாடிக்கு விநாடி 1 மீட்டர் என்ற மென்மையான குறைப்பு. நிற்க ஒரு விநாடி, அதற்குள் அரை மீட்டர் ஓடும்.

ஓட்டுபவர் ஒரு தடையைப் பார்த்து நிறுத்தும்போது: சுற்றுத் தாமதம் 0.3 விநாடி, அவர் உணர்ந்து விரலை எடுக்க 0.5 விநாடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 0.8 மீட்டர் போய்விடும். பிரேக் தூரம் 0.5. மொத்தம் 1.3 மீட்டர்.

இணைப்பு அறுபடும்போது: கடைசியாக ஏற்ற கட்டளை, முழு வேகத்துக்கான எல்லையான 0.4 விநாடி பழைய படத்தை நம்பிக் கொடுத்ததாக இருக்கலாம். அனுமதி காலாவதியாக 0.3 விநாடி. பிறகு 0.5 மீட்டர் பிரேக். மனிதக் கண் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து 1.2 மீட்டர். ஆகவே இந்த ரோபோவின் முன் எப்போதும் 1.5 மீட்டருக்குக் குறையாமல் காலி வேண்டும். அது கிடைக்காத குறுகலில் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

வேகத்தை 2 மீட்டராக உயர்த்தினால் முதல் கணக்கு 1.6 கூட்டல் 2, அதாவது 3.6 மீட்டர் ஆகிறது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்காவதுதான் காரணம். தாமதத்தைச் சமாளிக்க 5ஜிக்குப் போவதை விட வேகத்தைக் குறைப்பது பெரும்பாலும் மலிவான விடை. 1970-இல் நிலவில் ஓடிய சோவியத் லூனகோட் ஊர்தியைப் பூமியிலிருந்தே ஓட்டினார்கள். ரேடியோ அலை போய்த் திரும்பவே 2.6 விநாடி ஆகும் தூரம் அது. ஓரளவு நிலையான தாமதத்தை மெதுவாகப் போயும் நின்று நின்று போயும் வென்றுவிடலாம். மொபைல் வலையில் தொல்லை, இந்த விநாடி 80 ஆக இருக்கும் தாமதம் அடுத்த விநாடி 900 ஆவது. அதனால்தான் சராசரியை நம்பாமல் ஒவ்வொரு கட்டளைக்கும் வயது பார்க்கிறோம்.

அறுபடுதலை ரோபோ எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் ஒரு நிதானம் வேண்டும். டவர் மாறும்போது 100, 200 மில்லிவிநாடி இடைவெளி சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் அவசரப் பிரேக் போட்டுப் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் எரிச்சலடைந்து, முதல் வாரத்திலேயே யாராவது அந்த வரியைக் கமெண்ட் ஆக்கி முடக்கிவிடுவார்கள். தொல்லை தரும் பாதுகாப்பு நீண்ட நாள் உயிரோடு இருப்பதில்லை. ஆகவே படிப்படியாக: கடைசிச் செல்லுபடியான கட்டளைக்குப் பிறகு 300 மில்லிவிநாடி வரை அதே வேகம். அதன் பின் வேகம் சீராக இறங்கத் தொடங்கும். 350-இல் கட்டளை திரும்பினால் வேகம் 5 சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கும், யாருக்கும் தெரியாது. 1,000 மில்லிவிநாடி ஆகியும் எதுவும் வரவில்லை என்றால் ரோபோ நின்றபின் பூட்டிக்கொள்ளும். நம் கணக்கில் 1,300-இல் சக்கரம் நின்றிருக்கும், 1,500-இல் காண்டாக்டர் எனும் பெரிய ரிலே விழுந்து மோட்டார் மின்சாரம் துண்டிக்கப்படும்.

பூட்டிக்கொண்ட ரோபோ இணைப்பு வந்ததும் தானாக ஓடக் கூடாது. ஒரு நிமிடம் நின்ற ரோபோவின் அருகே ஆள் வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓட்டுபவர் பதற்றத்தில் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளியபடியே வைத்திருக்கலாம். புது அமர்வு எண்ணை ரோபோ உருவாக்கி அனுப்ப வேண்டும், ஜாய்ஸ்டிக் நடுவில் இருக்கும் கட்டளைகள் ஒரு விநாடி தொடர்ந்து வர வேண்டும், அதன்பின் ஓட்டுபவர் தனியாக ஒரு பொத்தானை அழுத்திப் பூட்டைத் திறக்க வேண்டும். அமர்வு எண் மாறியதால் வழியில் எங்கேயோ தேங்கியிருந்த பழைய பாக்கெட்டுகள் தாமாகவே செத்துவிடும்.

வலை நன்றாக இருந்தும் நிற்காத ரோபோ

இதுவரை சொன்னது அத்தனையும் பையில் ஓடும் ஒரு நிரலை நம்பியிருக்கிறது. பை உறைந்துபோனால்? ஆர்டுயினோ கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே மோட்டாரைச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவர் வரும் வரை அல்லது பேட்டரி தீரும் வரை. எனவே அதே காலாவதி விதி அடுத்த படியிலும் வேண்டும். பை ஒவ்வொரு 20 மில்லிவிநாடிக்கும் ஆர்டுயினோவுக்கு வேகத்தை அனுப்ப வேண்டும், 200 மில்லிவிநாடி எதுவும் வராவிட்டால் ஆர்டுயினோ தானே நிறுத்த வேண்டும். மோட்டார் இரைச்சலில் சீரியல் கம்பியின் பைட்டுகள் சிதையும் என்பதால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சிஆர்சி சோதனை எண் சேருங்கள்.

ஆர்டுயினோவே உறைந்தால் அதன் உள்ளே இருக்கும் வாட்ச்டாக், `wdt_reset()` வருவது நின்றதைப் பார்த்து அதை மீட்டமைக்கும்.

```cpp
void loop() {
  readSerial();
  if (millis() - lastMsg > 200) target = 0;
  rampTowards(target);
  wdt_reset();
}
```

நிரலின் தலையில் `#include <avr/wdt.h>` சேர்த்து, `setup()`-இல் `wdt_enable(WDTO_250MS);` போட்டால் போதும். பழைய பூட்லோடர் உள்ள நானோ பலகைகளில் இது ஒரு வில்லங்கம் செய்யும்: வாட்ச்டாக் மீட்டமைத்த பின் பூட்லோடரிலேயே திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டு, மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் விடும். புதிய பூட்லோடரை ஏற்றினால் தீரும். மீட்டமைப்பின்போது ஆர்டுயினோவின் பின்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் மிதக்கும். மோட்டார் டிரைவரின் எனேபிள் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால், யாரும் உயர்த்திப் பிடிக்காத வரை டிரைவர் அணைந்தே இருக்கும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்ற துடிப்பை அனுப்ப மட்டும் தனி த்ரெட் எழுதிவிடுவார்கள். வேலை செய்யும் த்ரெட் மாட்டிக்கொண்டாலும் துடிப்பு த்ரெட் சந்தோஷமாகத் துடித்துக்கொண்டிருக்கும், கடைசி வேகமும் போய்க்கொண்டே இருக்கும். கட்டளையின் வயதைச் சரிபார்க்கும் அதே சுற்றிலிருந்துதான் ஆர்டுயினோவுக்குச் செய்தி புறப்பட வேண்டும். ஓட்டுபவர் பக்கத்திலும் இதே கதைதான்: ஜாய்ஸ்டிக்கைப் படிக்கும் அதே சுற்றுதான் பாக்கெட்டை அனுப்ப வேண்டும், ஜாய்ஸ்டிக் கழன்றால் அனுப்புவதையே நிறுத்த வேண்டும். உலாவியில் எழுதியிருந்தால் வேறொரு டேபுக்கு மாறியதும் உலாவி டைமரை விநாடிக்கு ஒருமுறை என்று மெதுவாக்கிவிடும். ரோபோ ‘காரணமில்லாமல்’ தயங்கித் தயங்கி நிற்பதாகப் புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

நிரலெல்லாம் தோற்றாலும் நிற்க, பேட்டரிக்கும் மோட்டார் டிரைவருக்கும் நடுவே காண்டாக்டர். அதன் சுருளுக்குப் போகும் மின்சாரம் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானின் அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடர்பு வழியாகவும், முன் பம்பர் சுவிட்ச் வழியாகவும் போகட்டும். கம்பி அறுந்தாலும் காண்டாக்டர் விழும். அருகில் நிற்கும் ஆளின் கையில் தனி ரேடியோ நிறுத்தி ஒன்று இருந்தால் அதன் ரிலேயையும் இதே வரிசையில் கோர்க்கலாம். மொபைல் வலையோடு அதற்குச் சம்பந்தமே இருக்கக் கூடாது.

மின்சாரத்தைத் துண்டித்தால் ரோபோ நின்றுவிடும் என்பது சமதளத்தில்தான் உண்மை. 10 டிகிரி சரிவில் 25 கிலோ ரோபோவை 40 நியூட்டனுக்கு மேலான விசை கீழே இழுக்கிறது. உராய்வு குறைந்த கியர் என்றால் மெல்ல உருளும். டிரைவர் மூலம் மோட்டார் முனைகளை இணைத்துப் பிடிக்கும் மின் பிரேக் சுழலும்போது இழுக்குமே தவிர, நின்ற ரோபோவைப் பிடித்து நிறுத்தாது. சரிவு இருக்கும் இடத்துக்கு ஸ்பிரிங் பிரேக் உள்ள மோட்டாரை எடுங்கள். மின் சக்கர நாற்காலி மோட்டார்களில் இருப்பது அதுதான்: மின்சாரம் இருந்தால் பிரேக் விடும், போனால் கவ்வும். அதன் சுருளைக் காண்டாக்டருக்குப் பின்னால் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே அடியில் நடக்கும். சாதாரண நிறுத்தத்தில் முதலில் வேகத்தை இறக்கிவிட்டு, பிறகுதான் காண்டாக்டரை விட வேண்டும்.

வீடியோ கட்டளையை மூச்சுத் திணறடிக்கும்போது

களத்தில் தாமதம் திடீரென்று ஒன்றரை விநாடிக்கு எகிறினால் டவரைத் திட்டும் முன் சொந்த வீடியோவைச் சந்தேகியுங்கள். சிக்னல் குறைந்து மேலே போகும் வேகம் 600 கிலோபிட் ஆகிவிட்டது, நாம் 800 அனுப்புகிறோம் என்றால், மிச்சம் மோடத்துக்குள் வரிசையில் சேரும். பாக்கெட் எதுவும் தொலைவதில்லை, அத்தனையும் பத்திரமாக, தாமதமாக வந்து சேரும். வீடியோ தெளிவாகவே இருக்கும். ஆனால் அது ஒன்றரை விநாடிக்கு முந்தைய காட்சி. வீடியோவை நிறுத்தினால் பிங் சில நொடிகளில் பழைய நிலைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இதுதான் நோய்.

திருப்பி அனுப்பும் எண் இங்கேயும் கைகொடுக்கும். எந்தப் படம் வரை ஓட்டுபவரின் திரைக்குப் போனது என்பது ரோபோவுக்குத் தெரியும். நான்கு படங்களுக்கு மேல் வழியில் இருந்தால் புதுப்படம் அனுப்பாமல் விட்டுவிடட்டும். மூன்று விநாடிக்கு மேல் எந்தப் பதிலும் இல்லையென்றால் மட்டும் கணக்கைச் சுழியாக்கி, விநாடிக்கு ஒரு படம் அனுப்பிப் பார்க்கட்டும். அளந்த மேல்வேகத்தில் பாதிக்கு மேல் வீடியோவுக்குக் கொடுக்காமலிருப்பது நல்ல வழக்கம். தானியங்கி அப்டேட்டுகளையும் பதிவேற்றங்களையும் ரோபோ ஓடும்போது நிறுத்திவையுங்கள்.

மோட்டார் கிளம்பும்போதெல்லாம் இணைப்பு அறுந்தால் அது வலையின் கோளாறு அல்ல, மின்னழுத்தக் கோளாறு. மோடம் அலை அனுப்பும் கணங்களில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதே கணத்தில் மோட்டாரும் பேட்டரியை இழுத்தால் 5 வோல்ட் சரிந்து மோடம் மறுதொடக்கம் ஆகும். `vcgencmd get_throttled` கட்டளை `0x0` தவிர வேறு எதையாவது காட்டி, அதற்குப் பை சூடானது காரணமில்லை என்றால், பேட்டரியின் 24 வோல்ட்டை 5 ஆக இறக்கும் பக் கன்வெர்ட்டரைப் பாருங்கள். `0x50000` என்றால் இப்போது சரியாக இருந்தாலும் தொடங்கியதிலிருந்து எப்போதோ சரிந்திருக்கிறது என்று பொருள். மோடத்துக்குப் பையின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து மின்சாரம் எடுக்காமல், மின் இணைப்புள்ள யுஎஸ்பி ஹப் வழியாகத் தனி 5 வோல்ட் கொடுப்பது நல்லது.

வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தல்

சக்கரங்கள் தரையைத் தொடாதபடி கட்டைகள் மேல் ரோபோவை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் நுழைய உள்ளூர் வைஃபையைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் கெடுத்த வலைக்குள் நீங்களே வெளியே பூட்டப்படுவீர்கள். பிறகு:

```bash
sudo tc qdisc add dev wg0 root netem delay 200ms 80ms loss 5%
sudo tc qdisc del dev wg0 root
```

முதல் வரி ரோபோவிலிருந்து வெளியே போகும் பாக்கெட்டுகளை மட்டும் தாமதப்படுத்தும், அதாவது படத்தை. சோதனை முடிந்ததும் இரண்டாவது வரி அதை நீக்கும். வயது ஏறி வேகம் பாதியாகிறதா என்று பார்க்கலாம். கட்டளைப் பக்கத்தைக் கெடுக்க இதையே ஓட்டுபவரின் கணினியில் போட வேண்டும். முழு அறுபடுதலுக்கு மோடத்தையே பிடுங்கிவிடுங்கள்.

அடுத்து நிரலைக் கொல்வது. இதற்கு `kill -9` மட்டும் போதாது. `kill -STOP` என்பது நிரலைச் சாகடிக்காமல் உறையவைக்கும், உண்மையில் நடக்கும் கோளாறுக்கு அதுதான் நெருக்கம். உறைந்த 200 மில்லிவிநாடியில் ஆர்டுயினோ நிறுத்தத் தொடங்க வேண்டும். பிறகு `kill -CONT` கொடுத்து உயிர்ப்பித்ததும் சக்கரம் அசைந்தால், சாக்கெட்டில் தேங்கிய பழைய பாக்கெட்டுகளை எங்கோ வயது பார்க்காமல் ஏற்கிறீர்கள், அல்லது `now` மதிப்பைச் சுற்றின் தொடக்கத்தில் ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு பாக்கெட்டுகளை வாசிக்கிறீர்கள். ஒவ்வொரு பாக்கெட்டையும் வாசித்த பின் நேரத்தைப் புதிதாக எடுங்கள்.

கட்டையிலிருந்து இறக்கி, சமதளத்தில் முழு வேகத்தில் ஓடவிட்டு, மோடத்தைப் பிடுங்கி டேப் வைத்து அளங்கள். 0.8 மீட்டர் என்பது நம் கணக்கு: காலாவதிக்கு 0.3, பிரேக்குக்கு 0.5. இதையே பாதையின் மிகச் சரிவான இடத்தில், முழுச் சுமையோடு, இறங்கும் திசையில் செய்துபார்த்துக் கிடைக்கும் தூரத்தைத்தான் வேக எல்லையை எழுதும்போது பயன்படுத்த வேண்டும்.